மேஜிக் ரிங்கின் நடுத்துளை ஏன் மூடவில்லை: ஒரு கரடித் தலையைச் சரிசெய்த அனுபவம்

அக்கா மகளுக்காகக் குரோஷேயில் ஒரு கரடிப் பொம்மை பின்னிக்கொண்டிருந்தேன். தலை பாதிக்கு மேல் வந்துவிட்டது. வடிவம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சை வைத்து அழுத்தினேன். உச்சந்தலையில், பின்னல் தொடங்கிய அதே இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தாள். "சித்தி, தலையில ஓட்டை இருக்கு. பஞ்சு தெரியுது."

பழுப்பு நூலுக்கு நடுவில் வெள்ளைப் பஞ்சு என்பதால் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பஞ்சு இல்லாதபோது துளை 2 மில்லிமீட்டர், பஞ்சை வைத்து அழுத்தினால் 4 மில்லிமீட்டர். மேஜிக் ரிங் என்பது நூலால் ஒரு வளையம் போட்டு, அதற்குள் முதல் சுற்றைப் பின்னி, பிறகு வளையத்தை இழுத்து மூடும் முறை. அப்படித் தொடங்கிய பின்னலில் நடுவில் துளையே இருக்கக்கூடாது. அதற்காகத்தான் அந்த முறையையே பயன்படுத்துகிறோம். அப்படியானால் எங்கோ தவறியிருக்கிறேன். பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதற்கு முன்னால், எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தெரியாமல் மறுபடி போட்டால் மறுபடியும் இதேதான் வரும்.

நூல் நடுத்தரத் தடிமன் உள்ள பருத்தி நூல், ஹூக் 3 மில்லிமீட்டர். முதல் சுற்றில் 6 சிங்கிள் குரோஷே, பிறகு 12, 18, 24, 30, 36 என்று ஆறு சுற்றுகள் விரித்து, அதன்பின் 36 ஸ்டிச்சிலேயே நான்கு சுற்று. நான் இங்கே சிங்கிள் குரோஷே என்று சொல்வது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் பேட்டர்ன்களில் இதே ஸ்டிச்சை டபுள் குரோஷே என்று எழுதுவார்கள். அதைக் கவனிக்காமல் பின்னினால் பொம்மை நீளமான ஸ்டிச்சுகளோடு தளதளவென்று வந்துவிடும்.

முதலில் வால் நூலை இழுத்துப் பார்த்தேன். அதாவது வளையம் போடும்போது நுனியில் விட்டுவைத்த துண்டு நூலை. நல்லவேளையாக 12 சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது, இன்னும் வெட்டவில்லை. இழுத்ததும் துளை கொஞ்சம் சுருங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் துளை வட்டமாகச் சுருங்காமல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. தலையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். முதல் சுற்றின் ஆறு ஸ்டிச்சுகளில் கடைசி மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டியிருந்தன. முதல் மூன்றும் தளர்ந்து, இடைவெளி விட்டு நின்றன. துளை இருந்தது அந்தத் தளர்ந்த பக்கத்தில்தான்.

இந்தப் பாதி நெருக்கம், பாதி தளர்ச்சி என்பதுதான் துப்பு. அது ஏன் என்று புரிய வளையத்துக்குள் நூல் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை மனதில் பார்க்க வேண்டும்.

மேஜிக் ரிங் என்பது ஒரு சுருக்குப் பைதான். பைக்குள் ஓடும் கயிறு ஒரு முனையில் தைக்கப்பட்டிருக்கும், மறுமுனையை இழுத்தால் பை வாய் சுருங்கும். இங்கே கயிறு என்பது வளைய நூல். அதன் ஒரு முனை வளையத்தைப் பூட்டும் முதல் செயினோடு கட்டுப்பட்டுவிட்டது, அது நகராது. அங்கிருந்து ஆறு ஸ்டிச்சுகளின் அடிக்கால்களுக்குள்ளும் வரிசையாக நுழைந்து வட்டமாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து, வால் நூலாக வெளியே வருகிறது. வாலை இழுக்கும்போது அந்த நூல் ஆறாவது ஸ்டிச்சுக்குள்ளிருந்து முதலில் நகர வேண்டும், பிறகு ஐந்தாவது, நான்காவது என்று பின்னோக்கி முதல் ஸ்டிச் வரை எல்லாவற்றுக்குள்ளும் வழுக்கி வர வேண்டும். நடுவில் எங்காவது ஒரு இடத்தில் அது மாட்டிக்கொண்டால், வாலுக்கும் அந்த இடத்துக்கும் இடையில் உள்ள ஸ்டிச்சுகள் மட்டும் நெருங்கும். அதற்கு அப்பால் உள்ளவை இழுப்பையே உணராது.

என் தலையில் நான்கு, ஐந்து, ஆறு நெருங்கியிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று தளர்ந்திருந்தன. அப்படியானால் மாட்டிக்கொண்ட இடம் மூன்றாவது ஸ்டிச்.

மழுங்கிய முனை ஊசியால் அந்த ஸ்டிச்சின் அடியை லேசாக விலக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஹூக் வளைய நூலுக்குக் கீழே போகாமல், வளைய நூலின் புரிகளுக்கு நடுவே துளைத்துக்கொண்டு போயிருந்தது. பல மெல்லிய இழைகளை முறுக்கித்தான் நூல் செய்கிறார்கள். அந்த இழைகளில் பாதி ஸ்டிச்சுக்கு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் பிரிந்து கிடந்தன. ஸ்டிச் வளைய நூலைச் சுற்றி நிற்பதற்குப் பதிலாக, வளைய நூலுக்குள் ஆணி அடித்ததுபோல் நின்றது. பிறகு எவ்வளவு இழுத்தாலும் நூல் எப்படி நகரும்?

முறுக்குத் தளர்ந்த பருத்தி நூலில் இது எளிதாக நடக்கும். ஹூக்கின் மூக்கு கூராக இருந்தாலும் நடக்கும். ஆனால் என்னுடைய முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். வளையத்தை விரலில் இறுக்கமாகப் பிடிக்காமல் தொளதொளவென்று வைத்திருந்தேன். தளர்ந்த நூல் ஹூக்குக்கு முன்னால் விலகி ஓடும், அதைத் துரத்திப் பிடிக்கும்போது மூக்கு நூலுக்குள்ளேயே போய்விடும். நூல் விறைப்பாக இருந்தால் ஹூக் அதன் மேல் வழுக்கிக் கீழே இறங்கும்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. இப்போது இந்தத் தலையை என்ன செய்வது? பத்து சுற்று பிரித்தால்தான் முதல் சுற்றுக்குப் போக முடியும். சுற்றிச்சுற்றிப் பின்னிய எதையும் நடுவிலிருந்து பிரிக்க முடியாது, கடைசியிலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர வேண்டும். கழுத்துப் பக்கம் இன்னும் திறந்திருந்தது, உள்ளே கை போகும். அதனால் பிரிக்காமல் சரிசெய்ய முயன்றேன்.

வழி இதுதான். உள்ளே இருக்கும் கயிறு ஓடவில்லை என்றால் புதிதாக இன்னொரு கயிற்றை ஓட்ட வேண்டும். வால் நூலையே மழுங்கிய முனை ஊசியில் கோத்தேன். தலையின் உள்பக்கத்திலிருந்து, முதல் சுற்றின் ஒவ்வொரு ஸ்டிச்சின் அடியிலும் துளையை ஒட்டி இருக்கும் ஓர் இழைக்குக் கீழே ஊசியை விட்டேன். ஒரு ஸ்டிச்சுக்கு ஓர் இழை, அடுத்ததற்கு ஓர் இழை, இப்படி ஆறையும் ஒரே திசையில் எடுத்து முழு வட்டம் வந்தேன். ஊசி நூலைத் துளைக்காமல் கீழேதான் போக வேண்டும். முதலில் செய்த அதே தவறு இங்கேயும் நடந்தால் இந்தக் கயிறும் நின்றுவிடும். அதற்காகத்தான் கூர் ஊசியை விட்டு மழுங்கிய ஊசியை எடுத்தேன்.

வட்டம் முடிந்ததும் மெதுவாக இழுத்தேன். ஆறு ஸ்டிச்சும் ஒரே சீராக நடுவுக்கு வந்து, துளை மறைந்தது. அந்த மூன்றாவது ஸ்டிச் பற்றி இனிக் கவலை இல்லை, ஏனென்றால் இப்போது மூடி வைத்திருப்பது பழைய வளையம் இல்லை, புதிய சுற்று.

வால் நூலை ஏற்கெனவே வெட்டியிருந்தாலும் இது முடியும். அதே நூலில் 30 சென்டிமீட்டர் துண்டு எடுத்து, 10 சென்டிமீட்டரை உள்ளே தொங்கவிட்டு, மிச்சத்தால் இதே வட்டத்தைப் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத் தனித்தனியாக ஒளித்துத் தைத்துவிடலாம். வளைய நூல் உள்ளே அறுந்துபோனாலும் இதுதான் வழி. அப்படி அறுந்தால் ஆறு ஸ்டிச்சுகளின் அடியையும் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் துளை பெரிதாகிக்கொண்டே போகும் என்பதால் அன்றைக்கே செய்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

கரடியின் தலை தப்பியது. ஆனால் இன்னும் இரண்டு காது, மூக்கு, உடம்பு, நான்கு கை கால் என்று எட்டு மேஜிக் ரிங் போட வேண்டியிருந்தது. எட்டையும் இப்படி ஊசியால் காப்பாற்றிக்கொண்டிருக்க விருப்பமில்லை. அதனால் அடுத்த நாள் மிச்ச நூலை எடுத்துக்கொண்டு வெறும் வளையங்களாகப் போட்டுப் பார்த்தேன்.

வளையம் போடுவதை நான் இப்படிச் செய்கிறேன். வலது கைக்காரர்களுக்குப் பொருந்தும் முறை இது, இடது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிக்கொள்ள வேண்டும். வால் நூலை 15 சென்டிமீட்டர் விட்டு, இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நூலை ஒரு சுற்று சுற்றுகிறேன். விரல்களின் மேல் நூல் பெருக்கல் குறிபோல் குறுக்காக விழும். வலப்பக்க இழை வாலிலிருந்து வருவது, இடப்பக்க இழை நூல் பந்துக்குப் போவது. ஹூக்கை வலப்பக்க இழைக்குக் கீழே விட்டு இடப்பக்க இழையைப் பிடித்து இழுத்து, ஹூக்கை ஒரு திருப்புத் திருப்பினால் ஒரு லூப் நிற்கும். பந்து நூலை ஹூக்கில் சுற்றி அந்த லூப்புக்குள் இழுத்தால் ஒரு செயின். இந்தச் செயின் பூட்டு மட்டும்தான், ஸ்டிச் கணக்கில் சேராது. இதை ஒரு ஸ்டிச் என்று எண்ணிவிட்டால் முதல் சுற்றில் ஐந்துதான் இருக்கும், இரண்டாவது சுற்று பத்தில் முடியும், தலை கூம்பாகிவிடும்.

இதே கட்டத்தில் நடக்கும் இன்னொரு தவறு, லூப்பை இழுக்கும்போது பந்து நூலுக்குப் பதிலாக வால் நூலைப் பிடித்துவிடுவது. அதை உடனே அறியலாம். வாலை இழுத்தால் வளையம் சுருங்காது, பந்து நூலை இழுத்தால் சுருங்கும். அது சாதாரணச் சுருக்கு முடிச்சு ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போதே கழற்றிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான், ஸ்டிச் போட்டபின் இதைத் திருத்த வழி இல்லை.

பிறகு வளையத்தை விரலிலிருந்து கழற்றி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிடித்து, ஆள்காட்டி விரலால் வளைய நூலை விறைப்பாகத் தூக்கிக்கொள்கிறேன். வால் நூலை வளையத்தோடு ஒட்டி, பின்னல் போகும் திசையிலேயே படுக்கவைத்து, இரண்டுக்கும் சேர்த்துக் கீழே ஹூக்கை விட்டு ஸ்டிச் போடுகிறேன்.

முதல் சோதனை வளையத்தில் இதையெல்லாம் கவனமாகச் செய்து ஆறு ஸ்டிச் போட்டு இழுத்தேன். ஒரே இழுப்பில் மூடியது. இரண்டாவதில் வேண்டுமென்றே நான்காவது ஸ்டிச்சில் வளைய நூலைத் துளைத்தேன். ஐந்தும் ஆறும் நெருங்கின, மற்றவை தளர்ந்து நின்றன. நேற்று தலையில் பார்த்த அதே முகம். மூன்றாவதில் வளைய நூலை விட்டுவிட்டு, கூடப் படுத்திருக்கும் வால் நூலை மட்டும் துளைத்துப் பார்த்தேன். இதில் வால் கொஞ்சம்கூட அசையவில்லை, துளை போட்டபடியே இருந்தது. ஆக, வால் அசையவே இல்லை என்றால் துளைபட்டது வால் நூல், பாதி மூடி நின்றால் துளைபட்டது வளைய நூல். எதைப் பிரிக்க வேண்டும் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த மூன்று வளையங்களுக்குப் பிறகு என் பழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் ஆறு ஸ்டிச்சும் போட்டபின்தான் வாலை இழுப்பேன். இப்போது ஒவ்வொரு ஸ்டிச் முடிந்ததும் வால் நூலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுத்துப் பார்க்கிறேன். வளையம் கொஞ்சம் சுருங்கினால் நூல் ஓடுகிறது. பிறகு வளையத்தை விரலால் மறுபடி விரித்துக்கொண்டு அடுத்த ஸ்டிச். ஓடாவிட்டால் இப்போது போட்ட ஒரே ஒரு ஸ்டிச்தான் குற்றவாளி, அதை மட்டும் பிரித்தால் போதும். ஆறும் போட்டபின் நின்றால் எது என்று தேட வேண்டும். அதற்குமேல் சுற்றுகளும் ஏறிவிட்டால் என் கரடித் தலை மாதிரி ஆகும்.

துளைக்காமலேயே மூட மறுக்கும் வளையமும் உண்டு. அதன் அடையாளம், வால் நகரும், ஆனால் மிகக் கடினமாக நகரும், எல்லா ஸ்டிச்சும் சமமாக நெருங்கும், கடைசியில் ஒரு சின்னத் துளையோடு நிற்கும். ஸ்டிச்சுகளை மிக இறுக்கமாகப் போட்டால் ஒவ்வொன்றும் வளைய நூலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். முதல் லூப்பை இழுக்கும்போது ஹூக்கின் மூக்கில் வைத்து இறுக்காமல், ஹூக்கின் தண்டு வரை வரவிட்டு இழுத்தால் அடிக்கால் தேவையான அகலத்துக்கு இருக்கும். முதல் சுற்றுக்கு மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிய ஹூக்கை எடுத்தாலும் சரியாகும். நான் 3.5 எடுத்துப் பார்த்தேன், வால் எளிதாக ஓடியது. ஆனால் ஸ்டிச் உயரமும் கூடுவதால் காது போன்ற சின்னப் பகுதியில் அது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் கையைத் தளர்த்திக்கொள்வதே நல்லது என்று முடிவுசெய்தேன்.

இழுக்கும் திசையும் இங்கே கணக்கில் வரும். வால் கடைசி ஸ்டிச்சைத் தாண்டி வெளியே வருகிறது. அது எந்தப் பக்கம் நோக்கி வருகிறதோ அதே பக்கமாக, வட்டத்தின் போக்கிலேயே இழுக்க வேண்டும். செங்குத்தாக மேலே இழுத்தால் நூல் கடைசி ஸ்டிச்சின் மேல் மடங்கி அங்கேயே உராயும். மற்றக் கையால் ஸ்டிச்சுகளை வாலின் மேல் லேசாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இழுத்தால் பாதி பலம் போதும். ஒரே மூச்சில் இழுப்பதைவிட இழு, தள்ளு, இழு, தள்ளு என்று மூன்று நான்கு தடவையில் மூடுவது நூலுக்கும் நல்லது.

எத்தனை ஸ்டிச் போட்டாலும் முழுதாக மூடும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்டிச்சின் அடிக்காலுக்கும் நூலின் தடிமன் இருக்கிறது. ஆறு கால்கள் நடுவில் கூடினால் துளைக்கு இடமே இருக்காது. எட்டும் பரவாயில்லை. பூ வடிவங்களிலும் சதுரத் துண்டுகளிலும் 12 டபுள் குரோஷே போடுவார்கள், அமெரிக்கப் பெயரில்தான் சொல்கிறேன். அது ஊசிமுனை அளவுக்கு மூடும். அதற்கும் மேலே 16, 18 என்று போனால் கால்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நடுவில் ஒரு வட்டம் கட்டாயம் நிற்கும். அங்கே வாலை இன்னும் பலமாக இழுத்தால் துளை மூடாது, நூல்தான் அறும்.

எப்போது மூடுவது என்பதில் ஆளுக்கொரு பழக்கம். நான் ஆறாவது ஸ்டிச் முடிந்ததும் முக்கால்வாசி மூடுகிறேன். அப்போது பின்னல் பிறை வடிவத்திலிருந்து வட்டமாக மாறி, ஆறாவது ஸ்டிச் முதல் ஸ்டிச்சின் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்லிப் ஸ்டிச் போட்டு இணைக்காமல் நேராக முதல் ஸ்டிச்சின் தலையில் இரண்டாவது சுற்றைத் தொடங்கி, சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் மார்க்கரை மாட்டுகிறேன். முழுதாக மூடிவிட்டுத் தொடங்கினால் முதல் ஸ்டிச்சின் தலை உள்ளே ஒடுங்கி எது என்று தெரியாமல் போகும், செயினை ஸ்டிச் என்று எடுத்துவிடுவோம். இரண்டாவது சுற்றின் 12 ஸ்டிச் முடிந்ததும் மிச்சத்தையும் இழுத்து மூடுகிறேன். அப்போது நடுவில் ஒரு சின்ன மேடு எழும். பயப்பட வேண்டாம், மூன்றாவது சுற்று வந்ததும் தட்டையாகிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு காது மறுநாள் பார்க்கும்போது லேசாகத் திறந்திருந்தது. ஓடவிட்ட கயிறு திரும்பியும் ஓடும் என்பதுதான் காரணம். வாலை எதுவும் பிடித்து வைக்கவில்லை. பருத்தி நூல் வழுவழுப்பானது, வந்த வழியே திரும்பிப் போகிறது. கம்பளி நூலாக இருந்திருந்தால் அதன் ரோமங்களே ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கொஞ்சம் தாங்கும். பொம்மையில் இது இன்னும் மோசம், உள்ளே அடைத்த பஞ்சு துளையை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால் மூன்று சுற்று முடிந்ததும், உள்ளே கை போகும்போதே, வாலைப் பூட்டிவிடுகிறேன். ஊசியில் கோத்து, நான் தலையில் செய்ததுபோல் ஆறு அடிக்கால்களின் இழைகள் வழியாக ஒரு முழு வட்டம், வால் எந்தத் திசையில் வந்ததோ அதே திசையில். இழுத்து இறுக்கியபின் திரும்பி, எதிர்த் திசையில் பாதி வட்டம். இந்தத் தடவை ஊசி நூலின் புரிகளைத் துளைத்துக்கொண்டே போகலாம். முதலில் எதிரியாக இருந்த அதே துளைப்பு இங்கே பூட்டாக வேலை செய்கிறது. திசை மாறும் இடத்தில் நூல் மடங்கி நிற்பதால் வால் பின்வாங்க முடியாது. முடிச்சு மட்டும் போட்டு ஒட்ட வெட்டுவதை நான் நம்புவதில்லை. பருத்தியில் முடிச்சு நாளடைவில் அவிழும், அவிழ்ந்தால் பிடித்து இழுக்க வால் இருக்காது. மிச்சத்தை 3, 4 சென்டிமீட்டர் பக்கத்து ஸ்டிச்சுகளுக்குள் ஓட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

உடம்புக்கும் கால்களுக்கும் பஞ்சு அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே இரட்டை வளையம் போட்டேன். விரலில் நூலை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி, இரண்டு இழைகளுக்கும் வாலுக்கும் சேர்த்துக் கீழே ஹூக்கை விட்டு அதே ஆறு ஸ்டிச். இதன் பலன், மூடியபின் இரண்டு வளையங்களும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் எளிதில் திரும்பி ஓடாது. மூடுவதில்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாலை மட்டும் இழுத்தால் ஒரு வளையம் சுருங்கி, மற்றொன்று பெரிய காதுபோல் வெளியே தொங்கும். முதன்முதலில் செய்கிறவர்கள் இதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று பிரித்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வாலை லேசாக இழுத்து, இரண்டு இழைகளில் எது நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுதான் நகரும். அந்த நகர்ந்த இழையைப் பிடித்து, வட்டத்தின் போக்கில் இழுக்க வேண்டும். அப்போது நகராமல் நின்ற மற்ற வளையம் சுருங்கி முழுதாக மூடிக்கொள்ளும், நாம் பிடித்திருக்கும் வளையம் பெரிதாகும். பிறகு வாலை இழுத்தால் பெரிதான அந்த வளையமும் உள்ளே போய்விடும். எந்த இழையை இழுப்பது என்று தெரியாமல் நகராததைப் பிடித்து இழுத்தால் நூல் போகும் வழி எதிர்ப்பக்கமாகி, முதல் செயின் இறுகிக்கொள்ளும். ஆகவே பார்த்துவிட்டு இழுப்பது முக்கியம். இரண்டாவது காலில் எனக்கு இது பழகிவிட்டது.

மூக்குக்கு மட்டும் வெல்வெட் நூல் எடுத்திருந்தேன். அதில் மேஜிக் ரிங்கை ஒரே முயற்சியோடு விட்டுவிட்டேன். அந்த நூலின் பூமுடிகள் ஸ்டிச்சுகளுக்குள் சிக்கி வால் நகரவில்லை, இழுத்ததில் முடிகள் உரிந்து நடு இழை வெறும் நூலாகத் தெரிந்தது. வால் முழுவதையும் ஸ்டிச்சுகளுக்குள் கொண்டுபோகாமல் முதல் இரண்டு ஸ்டிச்சுக்குள் மட்டும் வைத்துவிட்டு விட்டால் உராய்வு குறையும், அது ரோமம் உள்ள கம்பளிக்குப் போதும். வெல்வெட்டுக்கு அதுவும் போதாது. அங்கே 2 செயின் போட்டு, ஹூக்கிலிருந்து இரண்டாவது செயினுக்குள் 6 சிங்கிள் குரோஷே போட்டேன். இந்த முறையில் இழுத்து மூட எதுவும் கிடையாது, ஒரு சின்னத் துளை இருக்கத்தான் செய்யும். ஆனால் வெல்வெட்டின் முடிகள் அதை மறைத்துவிடுகின்றன. மெல்லிய பருத்தி நூலில் அதே முறையைப் போட்டால் துளை நன்றாகத் தெரியும்.

எல்லாம் பின்னி முடித்து, பஞ்சு அடைக்கும் முன்னால் ஒவ்வொரு துண்டின் நடுவையும் ஒருமுறை சோதித்தேன். உள்ளே கட்டைவிரலை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒளி புள்ளியாகத் தெரிந்தால் மூடவில்லை. தலை, உடம்பு, கால்கள் எதிலும் தெரியவில்லை. இடது கையில் மட்டும் ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. அதில் எதிர்த் திசையில் பாதி வட்டம் தைக்க மறந்திருந்தேன். வால் இன்னும் உள்ளே 5 சென்டிமீட்டர் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கரடி முழுதாக ஆனதும் அக்கா மகள் முதலில் அதன் உச்சந்தலையைத்தான் தடவிப் பார்த்தாள். மூன்று வாரம் கழித்து அதைக் கையால் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார்கள். நான் விளக்கடியில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு ஸ்டிச்சும் அதே இடத்தில், ஒட்டிக்கொண்டு இருந்தன.